காய்ச்சல் எத்தனையாவது நாள்? டெங்குப் பரிசோதனை முடிவை அதற்குப் பிறகுதான் படிக்க முடியும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சம்பா நடவு முடியும் நாட்களில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிறிய ஊர்களில்கூட ரத்தப் பரிசோதனை நிலையங்களின் முன் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஒரே நோயாளிக்கு ஓர் இடத்தில் ‘டெங்கு இல்லை’ என்றும், இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் ‘டெங்கு உறுதி’ என்றும் அறிக்கை வருவது அப்போது சாதாரணமாகிவிடுகிறது. முதல் பரிசோதனை நிலையம் தவறு செய்துவிட்டது என்றே பெரும்பாலான குடும்பங்கள் முடிவு கட்டுகின்றன. உண்மையில் இரண்டு அறிக்கைகளும் அந்தந்த நாளுக்குச் சரியானவையாக இருக்கக்கூடும். டெங்குவுக்கான பரிசோதனைகள் ஒவ்வொன்றும் ரத்தத்தில் வெவ்வேறு பொருளைத் தேடுகின்றன. அந்தப் பொருட்கள் வெவ்வேறு நாட்களில் தோன்றி வெவ்வேறு நாட்களில் மறைகின்றன. ஆகவே, ‘பாசிட்டிவா, நெகட்டிவா’ என்ற கேள்விக்கு முன்னால் ‘காய்ச்சலின் எத்தனையாவது நாள்’, ‘இது முதல் டெங்குவா, இரண்டாவதா’ என்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டெல்டாவில் பெரியவர்களைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு நிகரான எடை அதற்கு உண்டு என்பதால், இக்கட்டுரை அதற்கே அதிக இடம் தருகிறது.

## அறிக்கையில் வரும் மூன்று பெயர்கள்

அறிக்கைத் தாளில் வழக்கமாக மூன்று வரிகள் இருக்கும்: என்.எஸ்.1 ஆன்டிஜென், ஐ.ஜி.எம். ஆன்டிபாடி, ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி.

1. என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸுக்குச் சொந்தமான ஒரு புரதம். வைரஸ் புகுந்த செல்கள் இதைச் செய்து ரத்தத்தில் வெளியே விடுகின்றன. எனவே இது ரத்தத்தில் தென்பட்டால், வைரஸ் இப்போது உடலில் பெருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இது பெரும்பாலும் கிடைக்கும்.

2. ஐ.ஜி.எம். என்பது உடல் தன் பங்கிற்கு உருவாக்கும் எதிர்ப்பொருள். புதிய தொற்றுக்கு உடல் அனுப்பும் முதல் படை இது. தயாராகச் சில நாட்கள் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நூல் தரும் கணக்கின்படி, காய்ச்சலின் 3 முதல் 5 நாட்களுக்குள் ஏறத்தாழ பாதி நோயாளிகளிடமும், 5ஆம் நாளுக்குள் சுமார் 80 சதவீதத்தினரிடமும், 10ஆம் நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இது தென்படும். இரண்டு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இரண்டு மூன்று மாதங்களில் மெல்லக் குறைந்து மறையும்.

3. ஐ.ஜி.ஜி. என்பது நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பொருள். முதல் தொற்றில் இது முதல் வாரத்தின் இறுதியில்தான் சிறிதளவு தோன்றும். பிறகு பல ஆண்டுகள், பலருக்கு வாழ்நாள் முழுவதும், ரத்தத்தில் நிற்கும். இரண்டாவது முறை டெங்கு வரும்போது பழைய நினைவு விழித்துக்கொள்வதால், காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே இது மிக வேகமாக, மிக அதிக அளவில் உயரும்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் கிடைக்காது. ‘ஏற்கெனவே வந்துவிட்டது, இனி வராது’ என்ற நம்பிக்கை இதனால்தான் பொய்த்துப்போகிறது.

## நாளை எப்படி எண்ணுவது

காய்ச்சல் தொடங்கிய நாளையே முதல் நாளாகக் கொள்வது மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். சிலர் அதைப் பூஜ்ஜிய நாள் என்று எழுதுகிறார்கள். வீட்டிலோ ‘மூணு நாளா காய்ச்சல்’ என்பது இரண்டு இரவையும் குறிக்கலாம், நான்கு பகலையும் குறிக்கலாம். நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர்கள் உடம்பு வலியோடு வேலை செய்த முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. படுத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். மாத்திரை போட்டு அடங்கி மறுநாள் மீண்டும் ஏறிய காய்ச்சலையும் பலர் புதிய காய்ச்சலாக எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு நாள் முன்பின் ஆவது வேறு பல நோய்களில் பொருட்டல்ல. டெங்குவில் 4ஆம் நாளுக்கும் 6ஆம் நாளுக்கும் இடையில் என்.எஸ்.1 இறங்கிக்கொண்டும் ஐ.ஜி.எம். ஏறிக்கொண்டும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் அந்த இடத்தில் ஒரு நாள் தவறினால் முடிவின் பொருளே மாறிவிடும். ஆகவே ‘எத்தனை நாள்’ என்பதைவிட, முதன்முதலில் குளிர் அல்லது காய்ச்சல் உணர்ந்தது எந்தக் கிழமை, காலையா மாலையா என்று கேட்டுத் தேதியும் நேரமுமாகப் பரிசோதனைச் சீட்டில் எழுதுவதே சரியான முறை.

இந்தியாவில் அரசின் டெங்குக் கட்டுப்பாட்டுத் திட்டம் பின்பற்றும் எல்லைக்கோடு எளிமையானது: 5ஆம் நாள் வரை, ஆய்வகத்தில் கருவி படித்துச் சொல்லும் எலிசா முறையில் என்.எஸ்.1, 5ஆம் நாளுக்குப் பின் எலிசா முறையில் ஐ.ஜி.எம். பெரும்பாலானோருக்கு இது பொருந்தும். ஆனால் இது ஒரு சராசரிக் கோடு. இரண்டாவது முறை டெங்கு வருகிறவர்களிடம் இந்தக் கோடு இடம் மாறுகிறது.

## இரண்டாவது தொற்றில் என்.எஸ்.1 ஏன் ஒளிந்துகொள்கிறது

முதல் தொற்றில், வைரஸ் விடும் என்.எஸ்.1 புரதத்தைத் தடுக்க ரத்தத்தில் முதல் சில நாட்களுக்கு எதுவும் இல்லை. அது தடையின்றிச் சேர்கிறது. பரிசோதனை அட்டையில் கோடு தெளிவாக விழுகிறது. காய்ச்சல் இறங்கிய பின்னும் சில நாள் அது கிடைப்பதுண்டு.

இரண்டாவது தொற்றில் நிலைமை வேறு. பழைய தொற்றின் நினைவால் ஐ.ஜி.ஜி. காய்ச்சலின் 3ஆம், 4ஆம் நாளிலேயே வெள்ளம்போல் பெருகுகிறது. அந்த எதிர்ப்பொருட்கள் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றிக்கொண்டு கூட்டுப்பொருளாக மாற்றிவிடுகின்றன. பரிசோதனை அட்டையில் பூசப்பட்டிருப்பதும் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றிப் பிடிக்கும் ஒரு எதிர்ப்பொருள்தான். அது பிடிக்க வேண்டிய இடத்தை நோயாளியின் சொந்த எதிர்ப்பொருள் முன்னரே பிடித்து மூடிவிட்டதால், புரதம் ரத்தத்தில் இருந்தும் அட்டைக்கு அகப்படுவதில்லை. தவிர, அந்தக் கூட்டுப்பொருட்கள் ரத்தத்திலிருந்து சீக்கிரமே நீக்கப்பட்டும் விடுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் இதை எண்ணால் சொல்கிறது: காய்ச்சல் நாட்களில் முதல் தொற்றுள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களை என்.எஸ்.1 பரிசோதனை கண்டுபிடிக்கக்கூடும். இரண்டாவது தொற்றில் அது 60 முதல் 80 சதவீதமாகக் குறைகிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் என்ன செய்யும் என்பதை ஒரு சிறிய கணக்கில் பார்க்கலாம். காய்ச்சலோடு 200 பேர் வருகிறார்கள் என்றும், அவர்களில் 100 பேருக்கு உண்மையில் டெங்கு என்றும், அந்த 100 பேரும் இரண்டாவது தொற்றுள்ளவர்கள் என்றும் கொள்வோம். பரிசோதனை 70 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தால், 70 பேருக்குப் பாசிட்டிவ் வரும். 30 பேர் தவறிப்போவார்கள். டெங்கு இல்லாத 100 பேருக்கும் சரியாகவே நெகட்டிவ் வந்ததாக வைத்துக்கொண்டால், மொத்த நெகட்டிவ் அறிக்கைகள் 130. அவற்றில் 30 டெங்கு. அதாவது ‘டெங்கு இல்லை’ என்ற தாளோடு வீட்டுக்குப் போகிறவர்களில் நான்கு பேருக்கு ஏறத்தாழ ஒருவர் டெங்குவோடு போகிறார். அதே கணக்கில் பாசிட்டிவ் வந்த 70 பேரும் உண்மையான டெங்கு நோயாளிகள். என்.எஸ்.1 பாசிட்டிவ் என்றால் நம்பலாம்; நெகட்டிவ் என்றால் அதை மட்டும் வைத்து நம்பக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

100 பேரும் இரண்டாவது தொற்றுள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டது கணக்கை எளிமையாக்குவதற்காக. ஆயினும் அது உண்மையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017–18இல் 5 முதல் 45 வயதுள்ளவர்களிடம் நடத்திய தேசிய அளவிலான ரத்த ஆய்வில், நாடு முழுவதற்குமான அளவு சுமார் 49 சதவீதமாக இருந்தபோது, தென்னிந்தியாவில் சுமார் 77 சதவீதத்தினரிடம் பழைய டெங்குத் தொற்றின் அடையாளமான ஐ.ஜி.ஜி. காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு டெங்கு வந்ததாகவே அறிந்திருக்க மாட்டார்கள். சாதாரணக் காய்ச்சலாக வந்து போயிருக்கும், அல்லது காய்ச்சலே இல்லாமல் தொற்று கடந்திருக்கும். எனவே நம் பகுதியில் 30 வயது கடந்த ஒருவருக்கு இப்போது டெங்கு வந்தால், அது இரண்டாவது தொற்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இதில் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் கடுமையான டெங்குவும் இரண்டாவது தொற்றில்தான் கூடுதலாக வருகிறது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம்தான் இந்தப் பரிசோதனை அதிகமாகத் தவறுகிறது.

## ஒரு எடுத்துக்காட்டை நாள்வாரியாகப் பார்ப்போம்

நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் 34 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். திங்கள் மாலை 6 மணிக்கு நடவு முடிந்து வீடு திரும்பும்போது குளிரும் கண்ணுக்குப் பின்னால் வலியும் தொடங்குகின்றன. செவ்வாய், புதன் இரு நாளும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். வியாழன் காலை 8 மணிக்குப் பக்கத்து ஊர்ப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுக்கிறார்.

கிழமையை எண்ணினால் வியாழன் 4ஆம் நாள். மணியை எண்ணினால் 62 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அந்தக் கணக்கில் அது 3ஆம் நாள். எப்படி எண்ணினாலும் என்.எஸ்.1 பார்க்க வேண்டிய காலம்தான். பரிசோதனை நிலையம் அட்டை முறையில் மூன்றையும் பார்த்துத் தருகிறது:

- என்.எஸ்.1: நெகட்டிவ்
- ஐ.ஜி.எம்.: நெகட்டிவ்
- ஐ.ஜி.ஜி.: பாசிட்டிவ்
- வெள்ளையணுக்கள் 3,100, தட்டணுக்கள் 1,48,000, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 36 சதவீதம்

‘ஐ.ஜி.ஜி. பழைய டெங்குவைக் காட்டுகிறது, இப்போது டெங்கு இல்லை’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்கு அந்தத் தாளில் ஆதாரம் இல்லை.

அந்த அறிக்கையைப் படிக்க வேண்டிய முறை வேறு. ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்பது இந்த நாளில் எதையும் சொல்லவில்லை. டெங்கு இருந்தாலும் 3ஆம், 4ஆம் நாளில் பாதிப் பேருக்கு அது வந்திருக்காது. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பது இவருக்கு முன்பு ஒருமுறை டெங்கு வந்திருக்கிறது என்று சொல்கிறது. அப்படியானால் இப்போதைய காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அது இரண்டாவது தொற்று. இரண்டாவது தொற்றில் என்.எஸ்.1 ஒளிந்துகொள்ளும். ஆகவே, மூன்றாவது வரியில் இருக்கும் பாசிட்டிவ், முதல் வரியில் இருக்கும் நெகட்டிவின் நம்பகத்தைக் குறைக்கிறது. மூன்று வரிகளையும் தனித்தனியாகப் படித்தால் இது கண்ணில் படாது.

ஐ.ஜி.ஜி. கோட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சில நிறுவனங்களின் அட்டைகளில் ஐ.ஜி.ஜி. கோடு வேண்டுமென்றே உயர்ந்த அளவில்தான் விழும்படி அமைக்கப்பட்டுள்ளது. பழைய தொற்றின் சாதாரண அளவு அதில் தெரியாது, இரண்டாவது தொற்றின் பெருக்கம் மட்டுமே தெரியும். அத்தகைய அட்டையில் 4ஆம் நாள் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால், அது ‘பழைய டெங்கு’ என்பதைவிட ‘இப்போது நடக்கும் இரண்டாவது டெங்கு’ என்பதையே அதிகம் சுட்டும். வேறு அட்டைகளில் எந்த அளவிலும் கோடு விழும். எது எந்த வகை என்பது கிட்டோடு வரும் விளக்கத் தாளில் எழுதியிருக்கும்; அறிக்கையில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஐயம் வந்தால் பரிசோதனை நிலையத்தில் அந்தத் தாளைக் கேட்பதில் தவறில்லை.

பரிசோதனை வரிகளுக்கு வெளியேயும் ஒரு குறிப்பு இருந்தது. வெள்ளையணுக்கள் 3,100 என்பது இயல்புக்குக் குறைவு. பாக்டீரியாவால் வரும் பல காய்ச்சல்களில் வெள்ளையணுக்கள் கூடும். டெங்குவின் தொடக்க நாட்களில் அவை குறையும். தட்டணுக்கள் இறங்கத் தொடங்குவதற்கு முன்பே இது தெரிவதுண்டு.

எடுத்துக்காட்டைத் தொடர்வோம். வெள்ளி இரவு காய்ச்சல் விட்டுவிடுகிறது. வீட்டில் நிம்மதி. சனிக்கிழமை காலை 8 மணிக்கு அவருக்கு விடாத வயிற்றுவலி. மூன்று நான்கு முறை வாந்தி. எழுந்து நடக்க முடியாத சோர்வு. அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது தட்டணுக்கள் 58,000, ஹீமட்டோகிரிட் 44. இரண்டு நாளில் 36 என்பது 44 ஆகியிருக்கிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உயர்வு. சிவப்பணுக்கள் கூடிவிடவில்லை, ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளத்துக்கு வெளியே கசிந்ததால் மிச்சமுள்ள ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது. காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவின் ஆபத்தான கட்டம்.

அன்று எடுத்த ரத்தத்தில் எலிசா முறையில் என்.எஸ்.1 மீண்டும் நெகட்டிவ், ஐ.ஜி.எம். பாசிட்டிவ். மணிக் கணக்கில் அது 110ஆவது மணி, 5ஆம் நாள். கிழமைக் கணக்கில் 6ஆம் நாள். ‘5ஆம் நாள்தானே, என்.எஸ்.1 மட்டும் போதும்’ என்று ஒருவர் முடிவெடுத்திருந்தால், அன்றும் டெங்கு இல்லை என்றே தாள் வந்திருக்கும். 4, 5, 6 ஆகிய நாட்களில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஒருவேளை சனிக்கிழமை ஐ.ஜி.எம். கூட நெகட்டிவாக வந்திருந்தால்? அதுவும் நடக்கக்கூடியதே. இரண்டாவது தொற்றில் ஐ.ஜி.எம். குறைந்த அளவிலேயே தோன்றும். சிலரிடம் பரிசோதனைக்கு அகப்படாமலும் போகும். அந்த நிலையில் 10ஆம் நாளுக்கு மேல் இன்னொரு முறை ரத்தம் எடுத்து, முதல் ரத்தத்தோடு ஒப்பிட்டு ஐ.ஜி.ஜி. நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் அது நோயின் பெயரை உறுதிசெய்ய மட்டுமே உதவும். சனிக்கிழமை காலை அவருக்குத் தேவையான நரம்புவழித் திரவத்தை எந்தப் பரிசோதனைக்காகவும் தள்ளிவைக்க முடியாது; வயிற்றுவலி, வாந்தி, ஏறிய ஹீமட்டோகிரிட், இறங்கிய தட்டணு ஆகியவையே அதற்குப் போதுமான காரணம்.

## ஐ.ஜி.எம். பாசிட்டிவ் எப்போது ஏமாற்றும்

என்.எஸ்.1 பரிசோதனையின் குறை, நோய் இருந்தும் காட்டாமல் விடுவது. ஐ.ஜி.எம். பரிசோதனையின் குறை இரு பக்கமும் இருக்கிறது. முன்கூட்டியே பார்த்தால் காட்டாது. அது மேலே சொல்லப்பட்டது. மறுபக்கம், அது தேவையில்லாதபோதும் காட்டக்கூடும்.

முதலாவது காரணம், அது இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்குவது. அக்டோபரில் டெங்கு வந்து குணமான ஒருவருக்கு டிசம்பரில் வேறு காய்ச்சல் வந்தால், அப்போதும் ஐ.ஜி.எம். பாசிட்டிவாகவே வரலாம். மழைக்காலம் முழுவதும் டெங்கு சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் இது அரிதல்ல. காய்ச்சலின் 1ஆம் அல்லது 2ஆம் நாளிலேயே ஐ.ஜி.எம். பளிச்சென்று பாசிட்டிவாக வந்தால், அது இந்தக் காய்ச்சலுக்குரியதுதானா என்று ஐயப்பட வேண்டும். நாள் தவறாக எண்ணப்பட்டிருக்கலாம், அல்லது அது முந்தைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம்.

இரண்டாவது காரணம், உறவுள்ள வைரஸ்களைப் பிரித்தறிய முடியாமை. டெங்கு வைரஸும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றின் பரிசோதனையிலும் ஒட்டிக்கொள்ளும், ஐ.ஜி.ஜி.யில் இது அதிகம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டின் தண்ணீர்த் தொட்டியிலும், மூடாத அண்டாவிலும், மழைநீர் நின்ற டயரிலும் பெருகுவது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் தண்ணீர் கட்டிய நெல்வயலில் பெருகுபவை. இரண்டு சூழலும் அடுத்தடுத்து இருக்கும் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாகவே பொருந்தும்.

மூன்றாவது காரணம்தான் டெல்டாவில் உயிர் சம்பந்தப்பட்டது. சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும், புதர் ஓரங்களில் புழங்குகிறவர்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் இதே மாதங்களில் வருகின்றன. இரண்டிலும் காய்ச்சல், உடம்புவலி, தட்டணுக் குறைவு எல்லாம் டெங்குபோலவே இருக்கும். பழைய டெங்குவின் ஐ.ஜி.எம். கோடு அட்டையில் விழுந்துவிட்டால், ‘டெங்குதான்’ என்று தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது. எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மலிவான, நன்றாக வேலை செய்யும் மருந்துகள் உண்டு. அவற்றைத் தொடங்கத் தாமதமானால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். எனவே ஐ.ஜி.எம். பாசிட்டிவாக இருந்தும் காய்ச்சல் 7, 8 நாளைத் தாண்டி நீடித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் புண் தென்பட்டாலோ, டெங்கு அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும்.

## அட்டையும் எலிசாவும்

பரிசோதனை நிலையங்களில் ‘கார்டு டெஸ்ட்’ என்று சொல்லப்படுவது உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. ரத்தத்தின் தெளிநீரைச் சில துளி விட்டு 15 முதல் 20 நிமிடம் காத்திருந்தால், ‘சி’ என்ற இடத்தில் ஒரு கோடும், பாசிட்டிவாக இருந்தால் ‘டி’ என்ற இடத்தில் இன்னொரு கோடும் விழும். ‘சி’ கோடு விழவில்லை என்றால் அட்டையே வேலை செய்யவில்லை. அந்த முடிவை எடுக்கவே கூடாது. ‘டி’ கோடு மங்கலாக விழுந்தாலும் குறித்த நேரத்துக்குள் விழுந்திருந்தால் அது பாசிட்டிவ்தான். மாறாக, கூட்ட நெரிசலில் அட்டையை மேசையில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், திரவம் காய்ந்து இல்லாத கோடு இருப்பதுபோல் நிழலாடும். மங்கலான கோட்டைச் சொந்தக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால், ஒரே அட்டையை இருவர் இருவிதமாகப் படிப்பதும் உண்டு.

எலிசாவில் கண்ணுக்குப் பதில் கருவி படிக்கிறது. 96 குழிகள் கொண்ட தட்டில் பல நோயாளிகளின் மாதிரிகளை ஒன்றாக ஏற்றிச் செய்வதால் பல மணி நேரம் பிடிக்கும். மாதிரிகள் சேரும்வரை காத்திருந்தால் முடிவு மறுநாள்தான் கிடைக்கும். அதன் அறிக்கையில் ஓர் எண்ணும் வரும். சில கிட்களில் 9க்குக் கீழ் நெகட்டிவ், 9 முதல் 11 வரை ஐயத்துக்குரியது, 11க்கு மேல் பாசிட்டிவ். மற்ற கிட்களில் எல்லை வேறு. ஆகவே அறிக்கையில் அச்சிட்ட எல்லையோடு மட்டுமே அந்த எண்ணை ஒப்பிட வேண்டும். எண் பெரியதாக இருப்பதால் நோய் கடுமை என்றோ, சிறியதாக இருப்பதால் லேசானது என்றோ பொருள் கொள்ளக்கூடாது. ஐயத்துக்குரியது என்று வந்தால், இரண்டு மூன்று நாள் கழித்து எடுக்கும் புதிய மாதிரியே அதற்கு விடை.

அரசின் கணக்கில் எலிசா என்.எஸ்.1 அல்லது எலிசா ஐ.ஜி.எம். பாசிட்டிவ் ஆனவர்களே உறுதிசெய்யப்பட்ட டெங்கு நோயாளிகள். அட்டையில் பாசிட்டிவ் ஆனவர்கள் ‘டெங்குவாக இருக்கக்கூடியவர்கள்’. தனியார் பரிசோதனை நிலையங்கள் சொல்லும் எண்ணிக்கைக்கும் மாவட்டச் செய்திக்குறிப்பில் வரும் எண்ணிக்கைக்கும் இடையே காணும் இடைவெளியில் ஒரு பங்கு இந்த வரையறையிலிருந்தே வருகிறது.

## நாளை வைத்து முடிவைப் படிக்கும் முறை

1. 1 முதல் 3ஆம் நாள் வரை: என்.எஸ்.1 மட்டுமே பயனுள்ளது. பாசிட்டிவ் என்றால் டெங்கு. நெகட்டிவ் என்றால், குழந்தைக்கு அது ஓரளவு ஆறுதல். பெரியவருக்கு, அதிலும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாக உள்ள பெரியவருக்கு, அது முடிவல்ல. இந்த நாட்களில் ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்ற வரியைப் பொருட்படுத்த வேண்டாம்.

2. 4 முதல் 6ஆம் நாள் வரை: இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எது பாசிட்டிவானாலும் டெங்கு என்று கொண்டு கவனிக்க வேண்டும். இரண்டும் நெகட்டிவானாலும் வெள்ளையணு, தட்டணு குறைந்துகொண்டே வந்தால் டெங்குவை விலக்கக்கூடாது. ஆபத்தான கட்டமும் பரிசோதனைகள் தடுமாறும் கட்டமும் இந்த நாட்களிலேயே ஒன்றாக வருகின்றன.

3. 7ஆம் நாளுக்குப் பின்: ஐ.ஜி.எம். எலிசா. இந்த நேரத்தில் என்.எஸ்.1 நெகட்டிவ் வருவது இயல்பு. அதனால் டெங்கு இல்லை என்று ஆகாது. 10ஆம் நாளில் ஐ.ஜி.எம். நெகட்டிவானால், டெங்கு அல்ல என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது தொற்றுள்ள சிலர் மட்டும் விதிவிலக்கு.

எந்த நாளானாலும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து இப்போது டெங்கு என்று சொல்ல முடியாது. அதன் பயன், என்.எஸ்.1 நெகட்டிவை எவ்வளவு நம்பலாம் என்று அளப்பதில்தான் இருக்கிறது.

முதல் அறிக்கை நெகட்டிவாக வந்து காய்ச்சல் தொடரும் ஒருவருக்கு, அடுத்த நாளும் அதே என்.எஸ்.1 அட்டையைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பெரிய பயன் இல்லை. அந்தப் புரதம் இறங்குமுகத்தில்தான் இருக்கும். அந்தப் பணத்துக்குத் தினமும் ஒருமுறை முழு ரத்த எண்ணிக்கை எடுத்து, அதில் தட்டணுவை மட்டும் பார்க்காமல் ஹீமட்டோகிரிட் என்ற வரியையும் முந்தைய நாளின் தாளோடு வைத்துப் பார்ப்பது மேல். அறிக்கையில் அது பி.சி.வி. என்றும் அச்சிடப்பட்டிருக்கும். காய்ச்சலின் 2ஆம், 3ஆம் நாளில் எடுத்த முதல் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் அந்த ஒப்பீடு சாத்தியம். நீடாமங்கலம் எடுத்துக்காட்டில் 44 என்ற எண்ணை ஆபத்தாக அடையாளம் காட்டியது, வியாழன் தாளில் இருந்த 36.